‘எவாந்துயெல்மான்’ வேன் வருமா?

அறுகம்பையில் அலைச்சறுக்குப் பருவம் தொடங்கிவிட்டால் வெளிநாட்டு முகவர்களோடு கடிதப் போக்குவரத்தும் தொடங்கிவிடும். ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசையில் கல்முனைத் தம்பி ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பாரிஸ் பயண முகவருக்கு அவர் எழுத வேண்டியது நான்கே வரி. பள்ளிக்கூடத்து ஆங்கிலத்தில் அதை ஒரு நிமிடத்தில் எழுதிவிட்டார்: ‘பயணிகளின் பட்டியலை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பவும். அறைகளின் எண்ணிக்கையைப் பிழையாக எழுதியுள்ளீர்கள். முற்பணம் தாமதமாகிவிட்டது. இறுதியில் எங்கள் வேன் விமான நிலையத்துக்கு வந்து அவர்களை ஏற்றும்.’

இதை அகராதியை வைத்துச் சொல்லுக்குச் சொல் பிரெஞ்சாக்கினால் இலக்கணப் பிழை ஒன்றும் வராமல் போகலாம். ஆனாலும் முதல் இரண்டு வரிகள் முகவரின் மனதை நோகடிக்கும், மூன்றாவது வரி அவருடைய கடனுக்குத் தவணை கொடுக்கும், நான்காவது வரி நடுச்சாமத்தில் கட்டுநாயக்கவில் ஒரே கூட்டத்துக்கு இரண்டு வாகனங்களைக் கொண்டுவந்து நிறுத்தும்.

முதல் வரியைப் பார்ப்போம். ‘அனுப்புங்கள்’ என்ற ஏவலோடு ‘தயவுசெய்து’ சேர்த்தால் மரியாதையாகிவிடும் என்பது ஆங்கில வகுப்பில் படிந்த பழக்கம். பிரெஞ்சு அலுவலகத்தில் அப்படிச் சேர்த்தாலும் ஏவல் ஏவலாகவே கேட்கும். அங்கே மரியாதை குடியிருப்பது வினைச்சொல்லின் வால் பகுதியில். ‘பூவே வூ’ என்றால் ‘உங்களால் முடியுமா’. அதையே ‘பூரியே வூ’ என்று மாற்றினால் ‘உங்களுக்கு முடியுமாக இருந்தால்’ என்ற தொனி வந்துவிடும். இந்த வடிவத்துக்குக் ‘கொந்திசியோனெல்’ என்று பெயர். நிபந்தனை வினை என்று நாம் சொல்லலாம்.

அந்தச் சின்னச் சொல்லைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு நுட்பமான வேலை தெரிகிறது. அதன் அடி எதிர்கால வினையின் அடி; அதன் விகுதி இறந்தகால வினையின் விகுதி. எதிர்காலத்தையும் இறந்தகாலத்தையும் ஒட்டவைத்தால் நிகழ்காலத்தில் நிற்பவர் மேல் பாரம் இறங்காத ஒரு வினை கிடைக்கிறது. கேட்பவர் ‘இல்லை’ என்று சொல்லவும் அதில் இடம் உண்டு. அந்த இடம்தான் மரியாதை.

இந்த வித்தை தம்பிக்குப் புதிதல்ல. ஊரில் மூத்த ஒருவரிடம் அவர் ‘லிஸ்ட்ட அனுப்புங்க’ என்றா கேட்பார்? ‘ஏலுமெண்டா லிஸ்ட்ட அனுப்பித் தந்தீங்கண்டா பெரிய உதவி, காக்கா’ என்பார். ‘தந்தீங்கண்டா’ என்பதில் இருப்பதும் இறந்தகால ‘தந்தீங்க’தான், எழுத்துத் தமிழின் ‘தந்தால்’ என்பதிலும் அதே ‘தந்த்’ இருக்கிறது. இன்னும் நடக்காத காரியத்தைக் கேட்க நடந்து முடிந்த காலத்தைக் கடன் வாங்குவதில் பிரெஞ்சும் கல்முனைத் தமிழும் ஒரே யோசனைக்காரர்கள். ஆங்கிலத்திலும் இந்தச் சாயல் உண்டு, ஆனால் நம் பாடப்புத்தகக் கடிதங்கள் அதைப் பெரிதாகப் பழக்குவதில்லை. வாயில் உள்ள தமிழிலிருந்து நேராகப் பிரெஞ்சுக்குப் போனால் பாதை குறுகுகிறது. ஆங்கிலத்தைச் சுற்றிப் போகும்போதுதான் முரட்டுத்தனம் ஒட்டிக்கொள்கிறது.

இரண்டாவது வரிக்கும் ஊர்ப் பேச்சிலேயே மருந்து உண்டு. ‘பிழையாக எழுதியுள்ளீர்கள்’ என்பது ஆளைச் சுட்டும் விரல். பிரெஞ்சு அலுவலகம் இந்த இடத்தில் ஆளைக் காணாமல் ஆக்கிவிடும். ‘எண்ணிக்கைக்குள் ஒரு பிழை நழுவிப் புகுந்துவிட்டதுபோல் தெரிகிறது’ என்பதுதான் அவர்களின் வழக்கமான வாக்கியம். பிழைக்குக் கால் முளைத்து அது தானாகவே உள்ளே வந்துவிடுகிறது. யாரும் அதைச் செய்யவில்லை. கோப்பையைப் போட்டுடைத்த பிள்ளை ‘உடைஞ்சி போச்சு’ என்று சொல்வதும் இதே கெட்டித்தனம்தான்.

இனி மூன்றாவது வரி. இங்கே ஆபத்து தொனியில் இல்லை, சொல்லில் இருக்கிறது. 1066இல் நோர்மன்டிக்காரர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சுச் சொற்கள் ஆயிரக்கணக்கில் ஆங்கிலத்துக்குள் வந்து சேர்ந்தன. பிறகு வந்த நூற்றாண்டுகளில் ஒரே சொல் கடலுக்கு இந்தப் பக்கம் ஒரு பொருளிலும் அந்தப் பக்கம் வேறு பொருளிலும் வளர்ந்தது. இப்படி முகம் ஒன்றாகவும் பொருள் வேறாகவும் நிற்கும் சொற்களுக்கு, 1928இல் கோஸ்லர், தெரோகிஞி என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் நூலின் தலைப்பிலேயே ‘ஃபோஸ் அமி’ என்று பெயரிட்டார்கள். பொய் நண்பர்கள் என்று பொருள்.

நமக்கும் இவர்களைத் தெரியும். கல்முனையில் ‘அவசரம்’ என்றால் உடனே ஓட வேண்டும். அம்பாறை நகரத்துச் சிங்கள அலுவலகத்தில் ‘அவசர’ என்றால் அனுமதி. அது கிடைக்கும்வரை ஓடவே கூடாது.

ஆங்கிலத்தில் தாமதத்தைக் குறிக்கும் ‘டிலே’ பிரெஞ்சில் ‘தெலே’ என்ற முகத்தோடு நிற்கிறது. ஆனால் அங்கே அதற்குப் பொருள், ஒரு வேலையை முடிக்கத் தரப்பட்ட கால அளவு. ‘தெலே து பெமான்’ என்பது பணம் கட்டுவதற்கான தவணைக் காலம். பிரெஞ்சு வணிகச் சட்டத்தில் இரண்டு நிறுவனங்கள் தனியாக எதுவும் பேசிக்கொள்ளாவிட்டால் அது 30 நாள். பேசி ஒத்துக்கொண்டால் பொதுவாக விலைப்பட்டியல் தேதியிலிருந்து 60 நாள்வரை நீளலாம். ஆக ‘முற்பணத்தில் தெலே இருக்கிறது’ என்று தம்பி முறைப்பாடு எழுதினால், ‘உங்களுக்குத் தவணை உண்டு’ என்று அவரே சொன்னதாகிவிடும். முகவர் சந்தோஷமாக ஒரு மாதம் பொறுத்திருப்பார். தாமதத்துக்கு அவர்களின் சொல் ‘ருதார்’.

நான்காவது வரியில் இருப்பவர்தான் இந்தக் கூட்டத்தின் தலைவர். ‘இறுதியில்’ என்பதற்கு ஆங்கிலத்தில் ‘இவென்சுவலி’ எழுதி, அதையே பிரெஞ்சு எழுத்துக்கு மாற்றினால் ‘எவாந்துயெல்மான்’ ஆகும். இரண்டுக்கும் மூலம், விளைவு என்று பொருள்படும் ஒரே இலத்தீன் சொல். கடைசியில் விளைந்தே தீருவதை ஆங்கிலம் எடுத்துக்கொண்டது. விளையலாம், விளையாமலும் போகலாம் என்பதைப் பிரெஞ்சு எடுத்துக்கொண்டது. எனவே முகவர் வாசிப்பது, ‘எங்கள் வேன் ஒருவேளை வரக்கூடும்’. 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட பாதை, எட்டுப் பேர், அத்தனை பேருக்கும் அலைப்பலகை. வேறு வாகனம் பிடிப்பதைத் தவிர முகவருக்கு வழியில்லை. தம்பியின் வேனும் நேரத்துக்கு அங்கே போய் நிற்கும்.

திருத்திய கடிதம் இப்படி இருக்கும். முதலில் ‘போன்ஜூர்’, பிறகு முகவரின் பெயர். அது இல்லாமல் விஷயத்துக்குள் நுழைவது ஸலாம் சொல்லாமல் கடைக்குள் ஏறிப் பொருள் கேட்பதுபோல. அதன் பின்: ‘வெள்ளிக்கிழமைக்கு மிஞ்சாமல் பட்டியலை எங்களுக்கு அனுப்பிவைக்க முடியுமாக இருந்தால் நல்லது. அறைகளின் எண்ணிக்கைக்குள் ஒரு பிழை நழுவிவிட்டதுபோல் தெரிகிறது: நாங்கள் நான்கு அறை ஒதுக்கியுள்ளோம், உங்கள் கடிதத்தில் ஐந்து உள்ளது. என் கவனக்குறைவு இல்லையென்றால், முற்பணம் இன்னும் எங்களுக்கு வந்துசேரவில்லை. எங்கள் வேன் விமான நிலைய வாசலில் காத்திருக்கும்.’ முடிவில் ‘கொர்தியால்மான்’.

எதெல்லாம் மென்மையானது, எது ஆகவில்லை என்று பாருங்கள். வினை இளகியிருக்கிறது, குற்றம் சுமத்த ஆள் இல்லை. ஆனால் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையாகவே இருக்கிறது, நான்கும் ஐந்தும் அப்படியே நிற்கின்றன. தேதியையும் தொகையையும் இளக்கினால் அது வெறும் குழப்பம். வேன் பற்றிய வரியில் நிபந்தனை வினைக்கு இடமே இல்லை. தான் கொடுக்கும் வாக்கை யாரும் ‘முடியுமாக இருந்தால்’ என்று கொடுப்பதில்லை.

அளவு மீறினாலும் பிசகும். பழகிய ஆளிடம் ஒரே வாக்கியத்தில் மூன்று நிபந்தனை வினைகளை அடுக்கினால் கிண்டல் செய்வதாகவே எடுத்துக்கொள்வார். ‘மெர்சி து’ என்று தொடங்கும் வரிகளிலும் கவனம் வேண்டும். ‘அனுப்பியதற்கு நன்றி’ போலத் தோன்றினாலும் பெரும்பாலும் அதன் பொருள் ‘அனுப்பிவிடுங்கள்’. நன்றிச் சட்டை போட்ட கட்டளை.

பிரெஞ்சுக்காரர் கோபப்படுவது இன்னும் விசித்திரம். பணம் கேட்டு இறுதி எச்சரிக்கை விடும்போது குரல் உயராது, மரியாதைதான் உயரும். வழக்கமான ‘கொர்தியால்மான்’ மறைந்து, ‘என் மேன்மையான வணக்கங்களின் வெளிப்பாட்டை ஏற்றருளுமாறு வேண்டுகிறேன்’ என்ற நீண்ட முடிப்பு வந்து நிற்கும். நேற்றுவரை ஒரே சொல்லில் முடித்துக்கொண்ட முகவர் திடீரென்று இப்படி எழுதினால், தம்பி முதலில் திறந்து பார்க்க வேண்டியது கணக்குப் புத்தகத்தை.