நான்கு விடைகளும் ஓர் ஏணியும்

மேல்நிலை இரண்டாம் ஆண்டு வகுப்பில் மின்வேதியியல் பாடத்தைப் பல ஆண்டுகள் நான் விரிவுரையாகவே நடத்திவந்தேன். திட்ட மின்முனை அழுத்தம் என்றால் என்ன, ஹைட்ரஜன் மின்முனைக்கு ஏன் பூஜ்யம், கல மின்னழுத்தத்திற்குச் சூத்திரம் எது என்று இரண்டு பாடவேளைகளில் சொல்லி முடித்துவிடுவேன். மாணவர்களும் எழுதிக்கொள்வார்கள். ஒருமுறை அலகுத் தேர்வில் துத்தநாகமும் வெள்ளியும் சேர்ந்த கலத்தின் மின்னழுத்தத்தைக் கேட்டிருந்தேன். விடைத்தாள்களில் நான்கு விதமான விடைகள் வந்தன: 0.04, −1.56, 2.36, 1.56. எல்லாம் வோல்ட்டில்.

சரியான விடை 1.56. மற்ற மூன்றையும் தவறு என்று அடித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கணக்கு இருந்தது. வெள்ளிக்கு +0.80, துத்தநாகத்திற்கு −0.76. எதிர்க்குறியைக் கவனிக்காமல் கழித்தவருக்கு 0.04 வந்திருக்கிறது. எதிலிருந்து எதைக் கழிப்பது என்பதில் தடுமாறியவருக்கு −1.56. வெள்ளி அயனிகள் இரண்டு தேவைப்படுவதால் 0.80-ஐ இரண்டால் பெருக்கியவருக்கு 2.36. சூத்திரம் மூவருக்கும் மனப்பாடமாகத் தெரியும். தங்கள் விடை நம்பத்தக்கதா என்று பார்க்க மட்டும் அவர்களிடம் எந்த வழியும் இல்லை. நான் கொடுக்கவும் இல்லை.

அடுத்த ஆண்டு விரிவுரையைச் சுருக்கிக்கொண்டு, மாணவர்களையே ஓர் அட்டவணை செய்யச் சொன்னேன். எண்களை முதலில் கொடுக்கவில்லை. காப்பர் சல்பேட் கரைசலில் இரும்பு ஆணியை இட்டால் செந்நிறப் படிவு வருகிறது. வெள்ளி நைட்ரேட் கரைசலில் செம்புக் கம்பியை இட்டால் வெள்ளி படிகிறது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் துத்தநாகம் குமிழ்விடுகிறது, செம்பு சும்மா கிடக்கிறது. யார் யாரை வெளியேற்றுகிறார் என்பதை வைத்தே வரிசை பிறந்துவிட்டது. (வெள்ளி நைட்ரேட் விலை அதிகம், சோதனைக்குழாயில் சில துளிகள் போதும்.) அதன் பிறகே எண்களைச் சேர்த்தோம். 25 டிகிரி செல்சியஸில், கரைசல்களின் செறிவு 1 மோலாராக இருக்கும்போது உள்ள ஒடுக்க அழுத்தங்கள் இவை:

Ag⁺ + e⁻ → Ag : +0.80 V
Cu²⁺ + 2e⁻ → Cu : +0.34 V
2H⁺ + 2e⁻ → H₂ : 0.00 V
Fe²⁺ + 2e⁻ → Fe : −0.44 V
Zn²⁺ + 2e⁻ → Zn : −0.76 V
Al³⁺ + 3e⁻ → Al : −1.66 V
Mg²⁺ + 2e⁻ → Mg : −2.37 V

இதை நோட்டில் பட்டியலாக எழுதினால் வரிசை மட்டும்தான் தெரியும். நாங்கள் சார்ட் தாளில் ஏணியாக வரைந்தோம். ஒரு வோல்ட்டுக்குப் பத்து சென்டிமீட்டர். பூஜ்யக் கோட்டுக்கு மேலே 8 செ.மீ. உயரத்தில் வெள்ளி, கீழே 7.6 செ.மீ. ஆழத்தில் துத்தநாகம். இப்போது அளவுகோலை வைத்து இரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தை அளக்கச் சொன்னேன். 15.6 செ.மீ. வந்தது. அதாவது 1.56 வோல்ட். 0.04 என்று எழுதியவர் தன் விடையை ஏணியில் தேடினால், நான்கு மில்லிமீட்டர் இடைவெளி எங்குமே இல்லை.

இதிலிருந்து முதல் குறிச் சோதனை கிடைத்தது. இரண்டு படிகளும் பூஜ்யத்தின் இரு பக்கமும் இருந்தால், விடை இரண்டு எண்களையும்விடப் பெரிதாக இருக்கவேண்டும். இரண்டும் ஒரே பக்கம் இருந்தால், பூஜ்யத்திலிருந்து அதிகத் தொலைவில் உள்ள எண்ணைவிட விடை சிறிதாக இருக்கவேண்டும். இரும்பு–துத்தநாகக் கலத்தை எடுத்துக்கொள்வோம். −0.44-லிருந்து −0.76-ஐக் கழிக்கவேண்டும்: −0.44 − (−0.76) = −0.44 + 0.76 = 0.32. ஏணியில் 3.2 செ.மீ. இங்கே 1.20 என்று எழுதும் மாணவர் எல்லா வகுப்பிலும் உண்டு. இரண்டு படிகளும் பூஜ்யத்திற்குக் கீழேதான் இருக்கின்றன, அவற்றுக்கு நடுவே 12 செ.மீ. எப்படி வரும் என்று கேட்டால் அவரே திருத்திக்கொள்கிறார்.

ஏணியில் கீழ்ப்படியில் உள்ள உலோகம் எலக்ட்ரானைக் கொடுக்கிறது, மேற்படியில் உள்ள அயனி வாங்கிக்கொள்கிறது. கொடுக்கும் இடத்தில் ஆக்சிஜனேற்றம், அது ஆனோடு. வாங்கும் இடத்தில் ஒடுக்கம், அது கேத்தோடு. தமிழ்வழி மாணவர்களுக்கு இங்கே ஒரு கூடுதல் சிக்கல் இருக்கிறது. ஆனோடை நேர்மின்முனை என்றும் கேத்தோடை எதிர்மின்முனை என்றும் சொல்லிப் பழகியிருக்கிறோம். மின்னாற்பகுப்பில் அது பொருந்தும். கால்வானிக் கலத்தில் ஆனோடான துத்தநாகம்தான் எதிர்க்குறி உடையது. சொல்லே குறியைத் தலைகீழாக்குகிறது. ஆகவே இந்தப் பாடம் முடியும்வரை நான் ஆனோடு, கேத்தோடு என்றே சொல்கிறேன். பாடநூல் சொல்லுக்குப் பிறகு வருகிறேன்.

பழைய புத்தகங்களிலிருந்து எண்களை எடுக்கும் ஆசிரியர்கள் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளவேண்டும். சில பழைய நூல்களில் ஆக்சிஜனேற்ற அழுத்தங்கள் தரப்பட்டிருக்கும். அவற்றில் துத்தநாகத்திற்கு +0.76 என்றிருக்கும். ஒடுக்கத்தை வைத்தே குறியிடவேண்டும் என்ற மரபு 1953-இல் ஸ்டாக்ஹோமில் கூடிய பன்னாட்டு வேதியியல் ஒன்றியக் கூட்டத்தில் உறுதியானது. அட்டவணையைத் திறந்ததும் துத்தநாகத்தின் குறியைப் பார்த்தால் அது எந்த மரபு என்று தெரிந்துவிடும்.

இனி 2.36 என்ற விடை. சமன்பாட்டைச் சரிசெய்யும்போது வெள்ளியை இரண்டால் பெருக்குகிறோம், அப்படியானால் அழுத்தத்தையும் ஏன் பெருக்கக்கூடாது என்பது நியாயமான கேள்வி. ‘பெருக்கக்கூடாது, அவ்வளவுதான்’ என்று பல ஆண்டுகள் பதில் சொன்னவன் நான். வோல்ட் என்பது ஒரு கூலூம் மின்னூட்டத்திற்கு இத்தனை ஜூல் என்ற கணக்கு. அரிசியை இரண்டு மடங்கு வாங்கினால் மொத்தத் தொகை இரண்டு மடங்காகும். கிலோ விலை மாறாது. இதை எண்ணிலேயே காட்டலாம்.

Zn + 2Ag⁺ → Zn²⁺ + 2Ag
ΔG° = −nFE° = −2 × 96500 × 1.56 = −301080 J

ஏறத்தாழ −301 கிலோஜூல். அதே சமன்பாட்டைப் பாதியாக எழுதினால் n ஒன்றாகிறது, ஆற்றலும் −150.5 கிலோஜூல் என்று பாதியாகிறது. 1.56 அப்படியே நிற்கிறது. கூடவே இரண்டாவது குறிச் சோதனையும் கிடைக்கிறது: கலம் தானாக மின்சாரம் தந்தால் E° நேர்க்குறி, ΔG° எதிர்க்குறி. இரண்டும் ஒரே குறியில் வந்தால் எங்கோ தவறு.

இதுவரை எல்லாம் சரியாகப் போனது. ஏணி எனக்கே ஒரு குழி தோண்டியிருந்ததை ஒரு மாணவிதான் காட்டினாள். ‘செம்பு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைந்து ஹைட்ரஜனை வெளியிடுமா?’ என்ற வினாவுக்குப் பலர் +0.34 வோல்ட், ஆகவே கரையும் என்று எழுதியிருந்தார்கள். தூரம் எப்போதும் நேர்க்குறிதான் என்று நான் பழக்கியதன் விளைவு அது. அந்த மாணவி எழுந்து, “சார், செம்பு குமிழ் விடாததை நாம்தானே பார்த்தோம்?” என்றாள்.

இரண்டு வகை வினாக்களை நான் ஒன்றாகக் கலந்திருந்தேன். இரண்டு மின்முனைகளைக் கொடுத்து, இவற்றால் அமையும் கலத்தின் மின்னழுத்தம் என்ன என்று கேட்டால் திசையை நாமே தேர்கிறோம். தூரத்தை அளந்தால் போதும். ஒரு வினையை எழுதிக் கொடுத்து, இது தானாக நடக்குமா என்று கேட்டால் திசை ஏற்கெனவே கொடுக்கப்பட்டுவிட்டது. அங்கே ஒடுக்கமடைவதன் அழுத்தத்திலிருந்து ஆக்சிஜனேற்றமடைவதன் அழுத்தத்தைத்தான் கழிக்கவேண்டும். எழுதியபடி ஹைட்ரஜன் அயனி ஒடுக்கமடைகிறது, செம்பு ஆக்சிஜனேற்றமடைகிறது: 0.00 − 0.34 = −0.34. எதிர்க்குறி வந்ததால் அதை மாற்றி எழுதக்கூடாது. அந்தக் குறிதான் விடை. நைட்ரிக் அமிலத்தில் செம்பு கரைகிறதே என்றால், அங்கே எலக்ட்ரானை வாங்குவது நைட்ரேட் அயனி. அது ஏணியில் செம்புக்கு மேலே, ஏறத்தாழ +0.96 வோல்ட்டில் இருக்கிறது.

அன்றிலிருந்து சார்ட்டில் தூரத்தோடு அம்புக்குறியும் போடுகிறோம். எலக்ட்ரான் கீழ்ப்படியிலிருந்து மேற்படிக்குப் போனால் அம்பு மேல்நோக்கி, E° நேர்க்குறி. கொடுத்த வினையில் அம்பு கீழ்நோக்கி வந்தால் எதிர்க்குறி. கணக்குப் போடும் முன்பே அம்பை வரைந்து குறியை எழுதிவிடவேண்டும்; எண் பிறகு வரும். அந்த வரிசையை மாற்றினால் வந்த எண்ணுக்கு ஏற்ப அம்பை வளைக்கிறார்கள்.

நெர்ன்ஸ்ட் சமன்பாட்டுக்கும் இப்படிக் குறியை முதலில் ஊகிக்கச் சொல்கிறேன். அதே வெள்ளி–துத்தநாகக் கலத்தில் வெள்ளி அயனியின் செறிவை 0.01 மோலாராகக் குறைக்கிறோம். துத்தநாக அயனி 1 மோலார். வினைபடுபொருள் குறைந்தால் வினையின் உந்துதல் குறையும், ஆகவே விடை 1.56-க்குக் கீழே.

E = 1.56 − (0.0591/2) log ([Zn²⁺]/[Ag⁺]²)
E = 1.56 − (0.0591/2) log (1/0.0001)
E = 1.56 − 0.0591 × 2 = 1.44 V

பின்னத்தைத் தலைகீழாக எழுதியவருக்கு 1.68 வரும், ஊகத்தோடு மோதுவதால் உடனே பிடிபடும். வெள்ளிக்கு இருமடியை மறந்தவருக்கு வருவது 1.50. அது 1.56-க்குக் கீழேதான் இருக்கிறது, குறிச் சோதனையில் தப்பிவிடும். அடுக்கைச் சமன்பாட்டோடு ஒப்பிட்டுத்தான் அதைப் பிடிக்கமுடியும்.

கடைசியாக மல்டிமீட்டரை எடுத்து டேனியல் கலத்தை அளக்கிறோம். ஏணிப்படி 0.34 − (−0.76) = 1.10 வோல்ட். சிவப்புக் கம்பி செம்பிலும் கருப்புக் கம்பி துத்தநாகத்திலும் இருந்தால் 1.1-ஐ ஒட்டிய எண் காட்டும். கம்பிகளை மாற்றினால் அதே எண் எதிர்க்குறியோடு வரும். கலம் மாறவில்லை, நாம் கழித்த வரிசை மாறியிருக்கிறது. −1.56 எழுதிய மாணவருக்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் சொன்னதில்லை.

ஏணி சொல்லாத ஒன்றும் உண்டு. அலுமினியம் துத்தநாகத்தைவிட மிகக் கீழே இருக்கிறது, ஆனால் அலுமினியத் தாளைக் காப்பர் சல்பேட் கரைசலில் இட்டால் வெகுநேரம் எதுவும் நடப்பதில்லை. மேலே படர்ந்த ஆக்சைடு படலம் தடுக்கிறது. எண் தவறில்லை, வினை எவ்வளவு வேகமாக நடக்கும் என்பது அதில் இல்லை. அந்தக் கரைசலில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுப் பாருங்கள். குளோரைடு படலத்தைக் குலைக்க, சிறிது நேரத்தில் தாளின்மீது செம்பு படிந்து கரைசல் சூடாகத் தொடங்கும்.