டயர் செருப்பும் ட்ரெக்கிங் சாண்டலும்

வாசுதேவநல்லூர் வட்டாரத்தில் மழைக்காலம் என்றால் ஒரு காலத்தில் அது வெறுங்காலில் நடக்கும் காலம். செருப்பு வைத்திருந்தவர்களும் ஐப்பசி பிறந்தால் அதைத் திண்ணையில் ஏற்றிவிடுவார்கள். தோல் செருப்பு நனைந்தால் ஊறும், காய்ந்தால் விறைக்கும். விளக்கெண்ணெய் தடவித்தான் மறுபடி பதத்துக்குக் கொண்டுவர வேண்டும். செருப்பே போடக் கூடாது என்று ஒடுக்கப்பட்டவர்களைத் தடுத்த தெருக்களும் தென்மாவட்டங்களில் பல இருந்தன. அவர்களுக்கு மழையும் வெயிலும் ஒன்றுதான்.

இன்று அதே ஊரில் தோப்புக்குப் போகிறவரும், மில் வேலைக்குப் பஸ் ஏறுகிறவரும், கல்லூரி மாணவரும் மழையில் மாட்டிக்கொள்வது பின்பட்டை வைத்த ரப்பர் ட்ரெக்கிங் சாண்டல். ஐப்பசி முதல் மார்கழி வரை நானும் அப்படி ஒரு ஜோடியைத் தினமும் போட்டு நடந்தேன். பழைய செருப்புகளோடு ஒப்பிட்டால் இது எதில் தேறியது, எதில் தோற்றது என்பதைச் சொல்கிறேன்.

பழையதில் முதன்மையானது டயர் செருப்பு. ஓடித் தேய்ந்த லாரி டயரைக் கால் அளவுக்கு வெட்டி, மேலே வார் வைத்து ஆணி அடித்துக் கொடுப்பார்கள். கனம் அதிகம். புதிதில் புறங்காலைக் கடிக்கும். ஆனால் டயருக்குள் இருக்கும் நூலிழை அடுக்கு முள்ளைத் தடுத்துவிடும். அடுத்து வந்த ஹவாய் செருப்புக்குக் கனமே இல்லை, விலையும் மலிவு. சேற்றில் அதன் கதி வேறு. குதிகாலைப் பிடிக்க எதுவும் இல்லாததால் அடி சேற்றிலேயே நிற்கும், கால் மட்டும் மேலே வரும். பலம் கொடுத்து இழுத்தால் விரலிடுக்கில் இருக்கும் வாரின் குமிழ் துளை வழியாகப் பிடுங்கிக்கொண்டு வரும். ஊக்குக் குத்தி வீடு வந்து சேர்ந்தவர்கள் எத்தனையோ பேர். நடக்க நடக்க வேட்டியின் பின்புறம் முழுவதும் சேறு தெறிப்பது தனிக் கணக்கு.

ட்ரெக்கிங் சாண்டல் இந்த இடத்தில்தான் ஜெயிக்கிறது. அமெரிக்காவில் ஆற்றுப் படகு வழிகாட்டியாக இருந்த மார்க் தாட்சர் 1984-இல் ரப்பர் செருப்புக்குக் கணுக்கால் பட்டை சேர்த்தார். தண்ணீரில் இறங்கினாலும் செருப்பு கழன்று போகக் கூடாது என்பதுதான் நோக்கம். இன்று நம் கடைகளில் தொங்கும் அத்தனை மாதிரிக்கும் மூலம் அதுதான். குதிகாலைச் சுற்றிய பட்டை இருப்பதால் சேற்றிலிருந்து காலை எடுக்கும்போது செருப்பும் கூடவே வருகிறது. பாலியஸ்டர் பட்டை தண்ணீரை அதிகம் குடிப்பதில்லை. இரவு கழற்றி வைத்தால் காலையில் ஏறக்குறைய காய்ந்திருக்கும்.

பிடிமானத்தைப் பொறுத்தவரை மண்ணுக்கு மண் தீர்ப்பு மாறுகிறது. மலையடிவாரத்துச் செம்மண்ணிலும் சரளையிலும் அடியில் உள்ள ரப்பர் கட்டைகள் நன்றாகக் கவ்வுகின்றன. கிழக்கே கரிசல் காட்டில் இறங்கினால் அந்தக் கட்டைகளின் இடைவெளியில் களி அப்பிக்கொள்கிறது. கொஞ்ச தூரத்திலேயே அடி மழுங்கி வழுக்கத் தொடங்கும், கனமும் ஏறும். அங்கே அவ்வப்போது நின்று குச்சியால் நோண்டிவிடுவதைத் தவிர வழி இல்லை. தலையணை ஓடைப் பக்கம் பாசி படிந்த பாறையில் எந்த ரப்பரையும் நம்பக் கூடாது. ரப்பர் பிடிப்பது கல்லின் சொரசொரப்பில் அழுந்துவதால்தான். நடுவில் வழவழப்பான பாசிப் படலம் இருந்தால் அடி கல்லைத் தொடுவதே இல்லை. ஈரமான டைல்ஸ் தரையிலும் நிதானமாகத்தான் கால் வைக்க வேண்டும்.

முள் விஷயத்தில் டயர் செருப்புக்குப் பக்கத்தில்கூட இது வர முடியாது. சாண்டலின் அடி இரண்டு அடுக்கு. தரையில் படுவது மெல்லிய ரப்பர். அதற்கு மேல் காலைத் தாங்குவது ஈ.வி.ஏ. எனும் நுரை. சீமைக்கருவேல முள் ரப்பரைத் துளைத்துவிட்டால் நுரை அதைத் தடுப்பதில்லை. முனை ஒடிந்து உள்ளேயே தங்கி, நடக்க நடக்க மேலேறி, பிறகொரு நாள் பாதத்தில் குத்தும். எலுமிச்சைத் தோப்பில் கவாத்து செய்த கிளைகள் கிடக்கும் நாட்களில் இதைப் போட்டுக்கொண்டு போகாமல் இருப்பது நல்லது.

என் ஜோடி கார்த்திகை முடிவதற்குள் காட்டிய குறை ஒட்டு. நடக்கும்போது மடிவது முன்பாதம். ஆகவே ரப்பரும் நுரையும் பிரிவது பெரும்பாலும் விரல் நுனியில்தான் தொடங்கும். கட்டைவிரலால் அந்த முனையை நெம்பிப் பார்த்தால் மெல்லிய வாய் திறக்கும். அதற்குள் மணல் புகுந்தால் அரைத்து அரைத்துப் பிளவைப் பின்னால் கொண்டுபோகும். நனைந்த செருப்பைக் கொதிக்கும் வெயிலிலோ அடுப்புப் பக்கத்திலோ காயவைத்தால் பசை இளகி, நுரையும் சுருங்கி, பிரிவது இன்னும் வேகமாகும். நிழலில் காற்றோட்டமாக வைப்பதே சரி.

பிளவு சிறியதாக இருக்கும்போதே செருப்பு தைப்பவரிடம் கொண்டுபோக வேண்டும். அவர் பழைய பசையை உப்புத்தாளால் தேய்த்து எடுத்து, இரண்டு பக்கமும் பசை தடவி, அது ஈரம் போய்ப் பிசுபிசுப்பாகும் வரை காத்திருந்து அழுத்தினார். பிறகு அடியைச் சுற்றி நைலான் நூலால் ஒரு தையல். அதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அடி ரப்பரில் கத்தியால் காடி கீறி, நூல் அதற்குள் பதியுமாறு தைக்க வேண்டும். நூல் வெளியே புடைத்து நின்றால் தார்ச்சாலையில் சீக்கிரம் தேய்ந்து அறுந்துவிடும். இந்த வேலைக்குப் பிறகு என் சாண்டல் மார்கழியைத் தாண்டிவிட்டது. ஆனால் பட்டை நுரைக்குள்ளிருந்து பிடுங்கிக்கொண்டால் கதை முடிந்தது. டயர் செருப்பில் வார் போனால் புது வாருக்கு ஓர் ஆணி போதும். இதில் அந்த வசதி இல்லை.

வெல்க்ரோவில் சேறு புகுந்து பிடி விடுவது கோளாறே அல்ல. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் கழுவினால் திரும்பவும் ஒட்டும். மென்மையான பக்கத்தின் இழைகள் பிய்ந்து பஞ்சாக எழுந்துவிட்டால்தான் அதன் ஆயுள் முடிகிறது.

கடைசியாகக் காலின் தோல். வெறுங்கால் காலத்துச் சேற்றுப்புண் சாண்டலால் ஒழிந்துவிடவில்லை. விரலிடுக்கு நாள் முழுக்க ஈரமாக இருந்தால் எதைப் போட்டாலும் வரும். பட்டைக்கடியில் நிற்கும் மணல் தோலை உரசிப் புண்ணாக்கவும் செய்யும். வீடு திரும்பியதும் காலைச் சோப்புப் போட்டுக் கழுவி இடுக்குகளைத் துடைக்க வேண்டும். காலில் வெட்டுக்காயம் இருந்தால் தேங்கிய தண்ணீரிலும் வயலிலும் இறங்க இது போதாது. எலிக்காய்ச்சல் கிருமி அந்தக் காயம் வழியாக எளிதில் நுழையும். அதற்கு முழங்கால் வரை வரும் கம்பூட்ஸ் வேண்டும்.

சாலையும் சேறும் கலந்த அன்றாட நடைக்கு இதுவரை வந்தவற்றில் ட்ரெக்கிங் சாண்டலே மேல். முள்காட்டுக்கும் பாசிப் பாறைக்கும் அது ஆகாது. வாங்கும்போது அடியை நகத்தால் அழுத்திப் பாருங்கள். குழி விழுந்தால் அது முழுவதும் நுரை, சீக்கிரம் தேயும். விரல் முனையை நெம்பிப் பாருங்கள். சுற்றிலும் தையல் உள்ளதாகக் கிடைத்தால் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாவது அதையே வாங்குங்கள்.