எதிர் நிறத்துக்கு அக்கம்பக்கம்

வண்ணச் சக்கரத்தில் ஒரு நிறத்துக்கு நேர் எதிரே நிற்கும் நிறத்தை விட்டுவிட்டு, அதற்கு இடமும் வலமும் உள்ள இரண்டு நிறங்களை எடுத்துக்கொள்வது பிளவு எதிர்நிறச் சேர்க்கை எனப்படும். ஓவியர்கள் பயன்படுத்தும் சக்கரத்தில் 12 நிறங்கள் உண்டு. அதில் நீலத்துக்கு நேர் எதிரே இருப்பது ஆரஞ்சு. ஆரஞ்சைத் தொடாமல், ஒரு பக்கத்துச் செங்கல் நிறத்தையும் மறுபக்கத்து மாம்பழ மஞ்சளையும் நீலத்தோடு சேர்த்தால், குளிர்ந்த நிறமும் சூடான நிறமும் எதிரெதிரே நிற்கும் தெம்பு அறையில் இருக்கும். ஆனால் கண்ணைக் குத்தாது.

நேர் எதிர் நிறங்கள் ஏன் கண்ணைக் குத்துகின்றன என்பதற்கு விடை ஒரு சாயப் பட்டறையிலிருந்து வந்தது. பாரிஸின் கோபெலின் திரைச்சீலை நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாளராக இருந்தவர் வேதியியலாளர் மிஷேல் யூஜின் ஷெவ்ரல். அங்கே கறுப்பு நூலின் சாயம் போதவில்லை என்று புகார் வந்தது. அவர் ஆராய்ந்து பார்த்தபோது சாயத்தில் குறை எதுவும் தெரியவில்லை. பக்கத்தில் நெய்யப்பட்ட நிறம்தான் கறுப்பை வெளிறிக் காட்டியது. ஒவ்வொரு நிறமும் தன் அண்டையில் உள்ளதைத் தன் எதிர் நிறத்தை நோக்கித் தள்ளிக் காட்டும் என்பதை அவர் 1839இல் வெளியிட்ட நூலில் விரிவாக எழுதினார். அப்படியானால் சிவப்பும் பச்சையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போது, சிவப்பு பச்சையை மேலும் பச்சையாக்குகிறது, பச்சை சிவப்பை மேலும் சிவப்பாக்குகிறது. இரண்டும் ஒரே அளவு வெளிச்சமாகவோ ஒரே அளவு அடர்த்தியாகவோ இருந்துவிட்டால், அவை சந்திக்கும் விளிம்பு அதிர்வதுபோலத் தோன்றும். பட்டுச் சேலையில் அரக்கு உடலுக்குப் பச்சைக் கரை அமைவதை யாரும் குறை சொல்வதில்லை. ஆனால் சேலை சில மணி நேரத்தில் பீரோவுக்குப் போய்விடும், சுவர் வருடக்கணக்கில் எதிரே நிற்கும்.

அக்கம்பக்கத்து நிறங்களுக்கு மாறும்போது இந்தத் தள்ளல் முற்றிலும் நின்றுவிடுவதில்லை, சற்றே தடம் விலகுகிறது. ஒரு நிறம் தள்ளும் திசையில் அடுத்த நிறம் சரியாக நிற்பதில்லை என்பதால் இரண்டும் ஒன்றையொன்று உச்சத்துக்கு ஏற்றிவிடுவதில்லை. அதோடு, புதிதாக வரும் இரண்டு நிறங்களும் தங்களுக்குள் உறவுள்ளவை. ஆகவே அறையில் மோதல் ஒரு பக்கம் மட்டுமே இருக்கும், மறுபக்கம் இணக்கம் இருக்கும்.

சிவப்பு ஆக்சைடு தரை போட்ட பழைய வீட்டுக் கூடம் இதைச் செய்து பார்க்க ஏற்ற இடம். தரையை மாற்ற முடியாது, ஆகவே முதல் நிறம் அங்கேயே முடிவாகிவிடுகிறது. அது பெரும்பாலும் சிவப்பும் ஆரஞ்சும் கலந்த நிறம். அதற்கு நேர் எதிரே இருப்பது நீலப்பச்சை, அதாவது மயில் கழுத்து நிறம். அந்த நிறத்தைச் சுவரில் அடித்தால் தரை எரிவதுபோலத் தெரியும். அதற்குப் பதிலாகப் பச்சையையும் நீலத்தையும் தனித்தனியே பிரித்துக்கொள்ளலாம்.

12 அடிக்கு 14 அடி, உயரம் 10 அடி என்று ஒரு கூடத்தை எடுத்துக்கொள்வோம். தரை 168 சதுர அடி. நான்கு சுவரும் சேர்ந்து 520 சதுர அடி. கதவு, ஜன்னலைக் கழித்தாலும் தரையைப் போல இரண்டரை மடங்குக்குக் குறையாது. இவ்வளவு பரப்பில் அழுத்தமான பச்சை வந்தால் தரையோடு மல்லுக்கு நிற்கும். ஆகவே பச்சையை மிகவும் வெளுக்க வைத்து, கொஞ்சம் சாம்பல் கலந்து, பார்த்தவுடன் வெள்ளை என்றே நினைக்கத் தோன்றும் அளவில் சுவருக்குக் கொடுப்பது நல்லது. நீலத்தை அழுத்தமாகவே வைக்கலாம், ஆனால் இடம் குறைவாக இருக்க வேண்டும்: ஊஞ்சல் மெத்தை, நாற்காலிக் குஷன்கள், ஒரு பவானி ஜமக்காளம். மூன்று நிறங்களும் சம பங்கு கேட்டால் இந்தச் சேர்க்கை குலைந்துவிடும். ஒன்று ஆள வேண்டும், ஒன்று பின்னால் போக வேண்டும், ஒன்று அங்கங்கே எட்டிப் பார்த்தால் போதும். நீலத்தை ஜன்னல் திரைக்குக் கொடுக்க ஆசை வரும். துணி மெல்லியதாக இருந்தால் வெயில் அதன் வழியே இறங்கி அறை முழுவதையும் நீலமாக்கிவிடும், ஆகவே உள்துணி வைத்துத் தைக்க வேண்டும்.

ஜமக்காளம் சிவப்புத் தரையின் மேல் நேராக விழுவதால் அதன் விளிம்பில்தான் முதலில் சிக்கல் தெரியும். அதைச் சோதிக்க எளிய வழி உண்டு. இரண்டும் சேர்ந்து தெரியும்படி கைபேசியில் படமெடுத்து, கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்க்க வேண்டும். தரையும் துணியும் ஒரே சாம்பல் நிறத்தில் கலந்துவிட்டால் விளிம்பு கண்ணில் அதிரும் என்று பொருள். துணியை இன்னும் கருநீலமாகவோ நன்கு வெளிறியதாகவோ மாற்றலாம், அல்லது வெள்ளைக் கரை உள்ள ஜமக்காளமாக வாங்கலாம். அந்தக் கரை இரண்டு நிறங்களையும் பிரித்து வைக்கும்.

சுவர்ப் பச்சையை ஷேட் கார்டைப் பார்த்து மட்டும் முடிவு செய்தால் ஏமாற்றமே மிஞ்சும். நான்கு சுவரும் ஒன்றின் நிறத்தை மற்றொன்றின் மேல் வீசுவதால், அட்டையில் பார்த்ததைவிடச் சுவரில் நிறம் அழுத்தமாகத் தெரியும். போதாக்குறைக்குத் தரையில் பட்டுத் திரும்பும் சிவப்பு வெளிச்சம் சுவரின் கீழ்ப்பகுதியில் ஏறி, பச்சையை அங்கே மங்க வைக்கும். இரண்டடிச் சதுர அட்டையில் இரண்டு கோட் அடித்து, அதைத் தரையோரமும் கண்மட்டத்திலும் வைத்து, பகலிலும் இரவு விளக்கிலும் பார்ப்பது நல்லது. நம் வீடுகளில் அதிகம் எரியும் 6500 கெல்வின் வெண்ணிற எல்இடி நீலத்தையும் பச்சையையும் தூக்கிக் காட்டித் தரையைச் சோகையாக்கும். 3000 கெல்வின் மஞ்சள் விளக்கோ தரையை எழுப்பிவிட்டுப் பச்சையைச் சாம்பலாக்கும்.

பக்கத்து நிறத்துக்குப் பதில் அதற்கும் அடுத்ததை எடுத்துவிடுவதும் நடக்கிறது. பச்சை நழுவிக் கிளிப்பச்சையாகவும், நீலம் நழுவி ஊதா கலந்ததாகவும் ஆனால், தரையோடு சேர்ந்து மூன்றும் சக்கரத்தில் சம தூரத்தில் நின்றுவிடும். அது மும்முனைச் சேர்க்கை என்ற வேறு முறை. விளையாட்டு அறைக்கு அது பொருந்தும், இளைப்பாறும் கூடத்துக்குப் பொருந்தாது.

எந்தச் சக்கரத்தை நம்புவது என்ற குழப்பமும் உண்டு. பெயின்ட் கலப்பவர்களின் சக்கரத்தில் சிவப்புக்கு எதிரே பச்சை, கைபேசித் திரை போன்ற ஒளிச் சக்கரத்திலோ நீலப்பச்சை. நேர் எதிர் நிறத்தைத் தேடுகிறவருக்கு இது பெரிய தொல்லை. எதிர் நிறத்தின் இரு பக்கமும் போகிறவர் ஒரு புள்ளியைக் குறிவைப்பதில்லை, ஆகவே ஓரிரு படி வித்தியாசம் அவரை அவ்வளவாகப் பாதிப்பதில்லை.

தேக்குக் கதவும் மர ஊஞ்சலும் இந்தக் கணக்கில் உண்டு. பாலிஷ் போட்ட தேக்கு ஆரஞ்சு கலந்த பழுப்பு, ஆகவே தரையின் கட்சியில்தான் சேரும். மரம் நிறைய உள்ள கூடத்தில் சூடான நிறம் ஏற்கெனவே தாராளமாக இருப்பதால், நீலத்தைச் சற்றுக் கூட்டிக்கொள்ளலாம். வாங்கும்போது துணியை முதலிலும் பெயின்டைக் கடைசியிலும் வாங்க வேண்டும். மனதுக்குப் பிடித்த நீலத்தில் கடையில் நான்கைந்து துணிகள் கிடைத்தாலே அதிகம். பெயின்டில் அந்தத் தட்டுப்பாடு இல்லை, எந்தப் பச்சையையும் கடையிலேயே கலந்து தருவார்கள்.