வெண்படத்தை வாயால் வரைவது

வகுப்புக் குழுவில் பகிர்ந்த வெண்படத்தின் போட்டோவை யாரோ அழித்துவிட்டார்கள். நோட்டு ஒரு மாணவியிடம் இருக்கிறது, தோழியின் போனிலோ பேச மட்டும்தான் முடியும். இந்த நிலையில் பலரும் வட்டம் வட்டமாகப் படித்துக்காட்டுவார்கள். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். செவ்வகம் U என்பது 1 முதல் 12 வரையுள்ள எண்கள். உள்ளே மூன்று வட்டங்கள். A-யில் இரட்டை எண்கள், B-யில் 3-இன் மடங்குகள், C-யில் 12-இன் காரணிகள். "A-யில் 6 உறுப்புகள்" என்று சொன்னால் கேட்பவர் என்ன செய்வார்? A-யின் தனிப்பகுதியில் 6 என்று எழுதிவிடுவார். உண்மையில் அங்கே இருப்பவை 8, 10 ஆகிய இரண்டுதான். மற்ற நான்கும் பிற வட்டங்களோடு பங்குபோட்டுக்கொண்டவை. "A-யில்" என்பதும் "A-யில் மட்டும்" என்பதும் வேறு வேறு. போனில் அந்த "மட்டும்" விழுந்துபோனால் விடையே மாறிவிடும். அந்த 6 எண்ணிக்கையா, 6 என்ற உறுப்பா என்ற சந்தேகமும் கூடவே வரும்.

ஆகவே, வட்டங்களை விட்டுவிட்டு பகுதிகளைச் சொல்ல வேண்டும். மூன்று வட்டங்கள் ஒன்றையொன்று வெட்டினால், வெளிப்புறத்தையும் சேர்த்து 8 பகுதிகள் கிடைக்கும். நடுவிலிருந்து தொடங்குங்கள். மூன்றுக்கும் பொதுவானவை 6, 12. A, C இரண்டிலும் இருந்து B-யில் இல்லாதவை 2, 4. B, C இரண்டிலும் இருந்து A-யில் இல்லாதது 3. A, B இரண்டிலும் இருந்து C-யில் இல்லாதது எதுவுமில்லை. இந்த வெற்றுப் பகுதியை வாய்விட்டுச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் விட்டால், மறந்துவிட்டார்களா, காலியா என்று கேட்பவருக்குத் தெரியாது. 1880-இல் இவ்வகைப் படங்களைப் பற்றிக் கட்டுரை எழுதிய ஜான் வென்கூட எல்லாப் பகுதிகளையும் முதலில் வரைந்துவிட்டு, காலியானதை நிழலிட்டுத்தான் காட்டினார்.

இனி தனிப்பகுதிகள். A-யில் மட்டும் 8, 10. B-யில் மட்டும் 9. C-யில் மட்டும் 1. எந்த வட்டத்திலும் சேராமல் செவ்வகத்தில் நிற்பவை 5, 7, 11. வெளியே நிற்பவற்றைத்தான் அவசரத்தில் அதிகம் விட்டுவிடுகிறார்கள். வட்டத்தின் நிறமும் பருமனும் கேள்விக்குத் தேவையில்லை, நேரத்தை வீணாக்க வேண்டாம்.

கேட்டு வரைந்தவர் எல்லா உறுப்புகளையும் எண்ணிப் பார்க்கட்டும். ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை வந்து, மொத்தம் 12 ஆக வேண்டும். ஆனால் இது பாதிச் சோதனைதான். 4-ஐ B, C பகுதியில் போட்டுவிட்டாலும் மொத்தம் 12 தான் வரும். 4 என்பது 3-இன் மடங்கா என்று கேட்டால்தான் தவறு பிடிபடும். அதனால் எண்களைச் சொல்லுமுன் மூன்று வட்டங்களின் விதிகளையும் சொல்லி, எதிர்முனையில் இருப்பவரை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.