ரேங்க் அல்ல, உழைப்பே வாக்குறுதி

‘வாரம் ஒரு மாதிரித் தேர்வு. விடைத்தாளை ஆசிரியரே திருத்தி, குறைகளை உட்கார்ந்து விளக்குவார். ரேங்குக்கு உத்தரவாதம் இல்லை.’ ஒரு பயிற்சி மையம் இப்படி விளம்பரம் செய்தால் நம்பி விசாரிக்கலாம்.

‘தேர்ச்சி நிச்சயம்’ என்று விளம்பரம் செய்வதை, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் தடை செய்கின்றன. வென்றவரின் படத்தைப் போட, முடிவு வந்த பிறகு அவரிடம் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வாங்க வேண்டும். எந்த வகுப்பில், எத்தனை காலம் படித்தார், கட்டணம் கட்டினாரா என்பதையும் சொல்ல வேண்டும்.

காரணம் உண்டு. குடிமைப் பணிக்கான முதல்நிலை, முதன்மைத் தேர்வுகளைச் சொந்தமாகத் தாண்டிய ஒருவர், ஒரு மையத்தின் இலவச மாதிரி நேர்முகத்துக்கு மட்டும் போயிருப்பார். விளம்பரத்திலோ அவர் ‘எங்கள் மாணவர்’ ஆகிவிடுவார். ஈராண்டு வகுப்புக்குப் பணம் கட்டும் பெற்றோருக்கு அந்த வித்தியாசம் தெரியாது.