மின்சுற்றுப் படமும் மல்டிமீட்டரும்

மின்சுற்றுப் படத்தில் எந்தப் பொருள் எதோடு இணைந்திருக்கிறது என்பது மட்டுமே இருக்கும். போர்டில் அது எந்த மூலையில் உட்கார்ந்திருக்கிறது என்பதைப் படம் சொல்லாது. எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் இன்டர்னாகச் சேருபவர் முதலில் பழக வேண்டியது இந்த வேறுபாட்டுக்குத்தான். படத்தில் பக்கத்துப் பக்கத்தில் வரைந்த இரண்டு பொருள்கள் போர்டில் இரு முனைகளில் இருக்கலாம். படத்தில் ‘ஆர்1’ என்று குறித்த ரெசிஸ்டரைப் போர்டில் அதே பெயர் அச்சிட்ட இடத்தில் தேடிப் பிடிக்க வேண்டும்.

பயிற்சிக்கு ஏற்ற சுற்று, 5 வோல்ட் தரும் ஒரு சிறிய பவர் சப்ளை. அதன் படத்தை இடமிருந்து வலமாகப் படிக்கலாம். இடது ஓரத்தில் 230 வோல்ட் மின்சாரத்தை 9 வோல்ட் ஏ.சி.யாகக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர். அடுத்து, ஏ.சி.யை டி.சி.யாக மாற்றும் நான்கு டயோடுகள். அதன் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்த 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். பிறகு 7805 என்ற மூன்று கால் ஐ.சி.; உள்ளே வருவது ஓரளவு ஏறி இறங்கினாலும் 5 வோல்ட்டை மட்டும் வெளியே விடுவது இதன் வேலை. கடைசியில், மின்சாரம் வருகிறதா என்று காட்ட 330 ஓம் ரெசிஸ்டர் ஒன்றும் அதற்கடுத்துச் சிவப்பு எல்.இ.டி. ஒன்றும்.

படத்தில் இரண்டு குறிகளைக் கவனிக்க வேண்டும். கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் புள்ளி இருந்தால் அவை இணைந்திருக்கின்றன. புள்ளி இல்லாவிட்டால் ஒன்றையொன்று தாண்டிப் போகின்றன. படத்தில் பல இடங்களில் தனித்தனியாகத் தெரியும் கிரவுண்ட் குறிகள் எல்லாம் உண்மையில் ஒரே இணைப்பு. கெப்பாசிட்டரின் எதிர்முனை, ஐ.சி.யின் நடுக்கால், எல்.இ.டி.யின் கீழ்க்கால் மூன்றும் அங்கேதான் சேர்கின்றன.

மீட்டரை எடுப்பதற்கு முன்பே ஒவ்வோர் இடத்திலும் என்ன அளவு வர வேண்டும் என்று படத்தை வைத்துக் கணக்கிட்டுவிட வேண்டும். 9 வோல்ட் ஏ.சி.யின் உச்சம் அதன் 1.414 மடங்கு, அதாவது 12.7 வோல்ட். மின்னோட்டம் ஒரே நேரத்தில் இரண்டு டயோடுகளைக் கடக்கிறது. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 0.7 வோல்ட் குறையும். ஆகவே கெப்பாசிட்டரில் 11.3 வோல்ட் எதிர்பார்க்கலாம். சுமை குறைவாக இருந்தால் டிரான்ஸ்பார்மர் சற்றுக் கூடுதலாகத் தரும் என்பதால் 13 வோல்ட் வந்தாலும் குறையில்லை. 7805 ஒழுங்காக வேலை செய்ய உள்ளே சுமார் 7 வோல்ட்டாவது வேண்டும். வெளியே வருவது 4.8 முதல் 5.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். சிவப்பு எல்.இ.டி. தனக்காக ஏறத்தாழ 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும். மீதி 3 வோல்ட் ரெசிஸ்டரின் இரு கால்களுக்கு இடையே தெரியும். 3 வோல்ட்டை 330 ஓமால் வகுத்தால் அதில் ஓடுவது 9 மில்லிஆம்பியர். சுற்றை எங்கும் வெட்டாமலேயே மின்னோட்டத்தை இப்படிக் கண்டுபிடித்துவிடலாம்.

வோல்ட்டேஜ் அளக்கும்போது சுற்று இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். கறுப்புப் புரோப் காமன் துளையிலும் சிவப்புப் புரோப் வோல்ட், ஓம் குறி போட்ட துளையிலும் இருக்க வேண்டும். சிவப்பு, 10 ஆம்பியர் துளையில் மாட்டிக் கிடக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்ப்பது அவசியம். அந்தத் துளையில் மீட்டருக்குத் தடை ஏறத்தாழ இல்லவே இல்லை. அப்படியே வோல்ட்டேஜ் அளக்கப் போனால் புரோப் தொட்ட இரண்டு இடங்களும் ஷார்ட் ஆகிவிடும். கெப்பாசிட்டருக்குப் பிறகு வருவது எல்லாம் டி.சி.; அங்கே 20 வோல்ட் டி.சி. ரேஞ்சு போதும். கறுப்புப் புரோப்பைக் கிரவுண்டில் கிளிப் போட்டு நிறுத்திவிட்டுச் சிவப்பை மட்டும் நகர்த்தினால் ஒரு கையால் அளந்துவிடலாம். 230 வோல்ட் வரும் பக்கத்தைப் பழகாதவர்கள் தொடக்கூடாது. அளவெடுப்பு டிரான்ஸ்பார்மரின் 9 வோல்ட் பக்கத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ரெசிஸ்டன்ஸ் அளப்பதற்கு விதி நேர்மாறானது: சுற்றில் மின்சாரமே இருக்கக்கூடாது. மீட்டர் தன் பேட்டரியிலிருந்து சிறிய மின்னோட்டத்தை அனுப்பித்தான் தடையைக் கணக்கிடுகிறது. சுற்றில் வேறு வோல்ட்டேஜ் இருந்தால் வரும் எண்ணுக்கு அர்த்தம் இருக்காது. மீட்டரே கெட்டும் போகலாம். பிளக்கை உருவிய பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தேங்கி நிற்கும் என்பதால், அது பூஜ்யத்துக்கு அருகில் இறங்கிவிட்டதா என்று முதலில் வோல்ட் ரேஞ்சில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. போர்டில் இருக்கும் ரெசிஸ்டரை அளந்தால், அதோடு இணையாகப் போகும் வேறு வழிகளும் கணக்கில் சேர்ந்துவிடும். 330 ஓம் ரெசிஸ்டருக்கு இணையாக 1000 ஓம் ஒன்று இருந்தால் மீட்டர் 248 என்று காட்டும். ரெசிஸ்டரில் பழுது ஒன்றும் இல்லை. ஒரு காலைச் சால்டர் நீக்கித் தூக்கிவிட்டு அளந்தால்தான் உண்மையான மதிப்பு வரும். ஆரஞ்சு, ஆரஞ்சு, பழுப்பு, தங்கம் என்று பட்டை போட்ட 330 ஓம் ரெசிஸ்டர் 5 சதவீத ஏற்ற இறக்கம் உடையது. 314-லிருந்து 346 ஓம் வரை எது வந்தாலும் அது நல்ல ரெசிஸ்டர்தான். மின்சாரம் முற்றிலும் நீங்கிய போர்டில், காலைத் தூக்காமல் அளந்தபோதே அதைவிட அதிகமாகக் காட்டினால் ரெசிஸ்டர் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டலாம். இணை வழிகள் அளவைக் குறைக்குமே தவிரக் கூட்டாது.

இனி பழுது ஒன்றைப் பார்க்கலாம். எல்.இ.டி. எரியவில்லை; ஆனால் 7805-இன் வெளிக்காலில் 5.02 வோல்ட் சரியாக வருகிறது. ஆகவே டிரான்ஸ்பார்மர் முதல் ஐ.சி. வரை குறையில்லை, பழுது கடைசி வரிசையில் இருக்கிறது. இப்போது ரெசிஸ்டரின் இரு கால்களுக்கு இடையிலும், எல்.இ.டி.யின் இரு கால்களுக்கு இடையிலும் தனித்தனியாக அளக்க வேண்டும்.

ரெசிஸ்டரில் 0, எல்.இ.டி.யில் 5 வோல்ட் வந்தால், மின்னோட்டம் எல்.இ.டி.யில் தடைபட்டிருக்கிறது. அது உள்ளே அறுந்திருக்கும் அல்லது தலைகீழாகப் பொருத்தப்பட்டிருக்கும். இரண்டிலும் 0 வந்து, கிரவுண்டிலிருந்து அளந்தால் எல்.இ.டி.யின் மேல்காலில் 5 வோல்ட்டும் கீழ்க்காலில் 0-வுக்குப் பதில் சில வோல்ட்டும் காட்டினால், கீழ்க்கால் கிரவுண்டைத் தொடவில்லை. படத்தில் கோடு இருக்கிறது. போர்டில் சால்டர் விட்டிருக்கிறது.

மூன்றாவது நிலை சற்றுக் குழப்பும். ரெசிஸ்டரில் 5 வோல்ட்டோ அதைவிடச் சற்றுக் குறைவாகவோ வந்து, எல்.இ.டி.யில் 0 வந்தால் ரெசிஸ்டர் அறுந்திருக்கலாம், அல்லது எல்.இ.டி. உள்ளே ஷார்ட் ஆகியிருக்கலாம். இரண்டுக்கும் வோல்ட்டேஜ் பெரிதாக வேறுபடாது என்பதால் வோல்ட் ரேஞ்சை வைத்து மட்டும் உறுதியாகத் தீர்ப்புச் சொல்ல முடியாது. இங்கேதான் ரெசிஸ்டன்ஸ் அளவு தேவைப்படுகிறது. பிளக்கை உருவி, கெப்பாசிட்டர் வடிந்ததை உறுதி செய்து, ரெசிஸ்டரின் ஒரு காலைத் தூக்கி, 2000 ஓம் ரேஞ்சில் அளக்க வேண்டும். திரையின் இடது ஓரத்தில் 1 மட்டும் நின்றாலோ, ஓ.எல். என்று வந்தாலோ அளவு ரேஞ்சைத் தாண்டிவிட்டது, அதாவது ரெசிஸ்டர் அறுந்துவிட்டது. 328 என்று வந்தால் ரெசிஸ்டர் நல்லது. மாற்ற வேண்டியது எல்.இ.டி.யை.

பொருளை மாற்றிய பிறகு எல்.இ.டி. எரிவதைப் பார்த்ததோடு வேலை முடிந்துவிடாது. ரெசிஸ்டரில் ஏறத்தாழ 3, எல்.இ.டி.யில் ஏறத்தாழ 2 என்று அளந்து, இரண்டும் சேர்ந்து 7805 தரும் 5 வோல்ட்டுக்குச் சரியாக வருகிறதா என்று பார்த்த பிறகே போர்டை மூட வேண்டும்.