ஜப்பானியமா, கொரியனா, ஜெர்மனா?

அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு மொழி கற்றுத் தந்த அனுபவத்தில் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதில் ஜப்பானியமும் கொரியனும் மிகக் கடினமான மொழிகள். ஏறக்குறைய 2,200 மணி நேர வகுப்பு வேண்டும். ஜெர்மனுக்கு அதில் பாதிகூட வேண்டாம். வேலைக்காக மொழி படிக்க நினைப்பவர் இதைப் பார்த்துவிட்டு ஜப்பானியத்தை ஒதுக்கிவிடக்கூடும். அது அவசரம். அந்தக் கணக்கு ஆங்கிலம் பேசி வளர்ந்தவர்களுக்கானது.

“நான் நாளை சென்னைக்குப் போகிறேன்” என்பதை ஜப்பானியர் “வதாஷி வா அஷிதா சென்னை நி இகிமாஸ்” என்பார். சொற்கள் நிற்கும் வரிசை அப்படியே தமிழ். நம் ‘கு’ உருபு வரும் இடத்தில் அவர்களுக்கு ‘நி’. “வருவேன் என்று சொன்னார்” என்பதில் ‘என்று’ செய்யும் வேலையை அங்கே ‘தோ’ செய்கிறது. “சாப்பிட்டுப் பார்” என்று நாம் பார்த்தலைத் துணைவினையாக்குவது போல அவர்களும் “தபேத்தே மிரு” என்கிறார்கள். ‘மிரு’ என்றாலும் பார்த்தல்தான். கொரியனிலும் இதே அமைப்பு உண்டு. ஆங்கிலேயர் மாதக்கணக்கில் போராடும் இந்த இலக்கணம் தமிழருக்குச் சில வாரங்களில் பிடிபட்டுவிடும்.

ஜெர்மனில் வினை இரண்டாம் இடத்துக்கு வந்துவிடும், பெயர்ச்சொற்களுக்கு மூன்று பால். மேசை ஆண்பால், கதவு பெண்பால் என்று ஒவ்வொன்றையும் மனப்பாடம் செய்ய வேண்டும்; உயர்திணை, அஃறிணை பார்க்கும் தமிழ் இதற்கு உதவாது. அங்கே கைகொடுப்பது நமக்குத் தெரிந்த ஆங்கிலம். இரண்டும் ஒரே குடும்பம் என்பதால் சொற்களில் நிறைய ஒற்றுமை.

ஆக, தமிழருக்கு ஜப்பானியம் சுலபமா? பேசத் தொடங்க, ஆம். ஆனால் வேலை கேட்பது சான்றிதழை. ஜப்பானிய மொழித் திறனுக்குப் பரவலாகக் கேட்கப்படும் ஜேஎல்பிடி தேர்வில் பேச்சுத் தேர்வே கிடையாது. சொல், இலக்கணம், வாசிப்பு, கேட்டல் மட்டுமே. தமிழர் எங்கே வலுவாக இருக்கிறாரோ அந்தப் பேச்சுக்கு மதிப்பெண் இல்லை. எங்கே எந்த உதவியும் இல்லையோ, அந்தக் காஞ்சி எழுத்துகள்தான் அவரைச் சோதிக்கின்றன. தொடக்கப் படிகளான என்5, என்4 வரை சில நூறு காஞ்சி போதும். என்2க்குச் சுமார் ஆயிரம் வேண்டும்.

இந்தப் பலவீனம் தொடக்கத்தில் தெரியாது. என்4இல் இலக்கணமும் வாசிப்பும் ஒரே பகுதி, 120 மதிப்பெண். இலக்கணத்தில் வாங்கியதைக் கொண்டு வாசிப்பில் விட்டதை ஈடுகட்டலாம். என்3 முதல் வாசிப்பு தனிப் பகுதியாகிவிடுகிறது. அதில் 60க்கு 19 வாங்காவிட்டால் மொத்த மதிப்பெண் எவ்வளவு இருந்தாலும் தோல்விதான். என்4ஐ எளிதில் தாண்டியவர் என்3இல் சறுக்கினால், பெரும்பாலும் காரணம் இங்கேதான் இருக்கும்.

எனவே மொழி கடினமா என்று கேட்பதைவிட, தனக்கு வேண்டிய வேலை எந்தப் படியைக் கேட்கிறது என்று பார்ப்பது பயன் தரும். ஒரகடம் பக்கம் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்த இளைஞர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஜப்பான் 2019இல் தொடங்கிய ‘தொகுதேய் கினோ’ விசாவில் போக அவருக்கு என்4 போதும், கூடவே அந்தத் தொழிலுக்கான திறன் தேர்வு. வாரம் பத்து மணி நேரம் ஒதுக்கினால் ஒரு வருடத்துக்குள் எட்டக்கூடிய இலக்கு. ஆனால் அந்த விசாவின் முதல் நிலையில் பொதுவாக ஐந்து ஆண்டுகள்தான், குடும்பத்தை அழைத்துப் போக முடியாது. அதே இளைஞர் சென்னையிலிருந்தபடி மொழிபெயர்ப்பாளராக விரும்பினால் நிறுவனங்கள் பொதுவாக என்2 கேட்கும். அது சில ஆண்டு உழைப்பு. மொழி ஒன்றுதான், கணக்கு இரண்டு.

கொரியனில் பாஸ்போர்ட்டையும் பார்க்க வேண்டும். தென்கொரியா 2004 முதல் ஒப்பந்தம் செய்துகொண்ட நாடுகளிலிருந்து மட்டும் ஆலைத் தொழிலாளர்களை எடுக்கிறது. அந்தப் பட்டியலில் இலங்கை இருக்கிறது, இந்தியா இல்லை. மட்டக்களப்பு இளைஞருக்குக் கொரியன் நேரடியாக வேலைக்கான வழி. காஞ்சிபுரத்துக்காரருக்கு அந்த வழி மூடியிருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் ஹூண்டாயும் அதன் துணை நிறுவனங்களும் இருந்தாலும், மொழி கேட்கும் இடங்கள் பெரும்பாலும் மொழிபெயர்ப்பும் ஒருங்கிணைப்பும்தான்.

செவிலியர் படிப்பு முடித்தவருக்கு ஜெர்மன்தான் என் பரிந்துரை. அங்கே முழு உரிமத்துக்குப் பொதுவாக பி2 வேண்டும். ஜப்பானியத்தைவிடத் தொடக்கம் கடினமாகப் படலாம். ஆனால் எழுத்துச் சுவர் இல்லை, உரிமம் கிடைத்தபின் குடும்பத்துடன் தங்கவும் வாய்ப்பு அதிகம்.

வகுப்புக்குப் பணம் கட்டும் முன் வேலை விளம்பரங்களில் இருபதைத் திறந்து, ஒவ்வொன்றும் எந்த மொழியில் எந்தப் படியைக் கேட்கிறது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.